இமைமுடியின் நீளம் நுனியில் இருக்கிறது

கல்யாண ஆல்பத்தில் மணப்பெண்ணின் முகம் மட்டும் முழுப் பக்கத்துக்கு வரும் படம் ஒன்றாவது இருக்கும். ஆல்பத்தைப் புரட்டுகிறவர்கள் அந்தப் பக்கத்தில் கொஞ்சம் நிற்பார்கள். நகை, பூ, புடவையெல்லாம் அப்புறம்தான். முதலில் பார்வை போவது கண்ணுக்கு. அதனால்தான் ஸ்டூடியோவில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து டச்சிங் செய்பவருக்கு அந்த ஒரு படத்தில் வேலை அதிகம். அதிலும் இமைமுடியில்தான் பெரும்பாலான படங்கள் கெட்டுப்போகின்றன. கொஞ்சம் நீளமாக்கலாம், கொஞ்சம் கருப்பாக்கலாம் என்று ஆரம்பித்து, கடைசியில் கடையில் விற்கும் பொம்மையின் கண்ணாக முடிகிறது.

ஒரு படத்தை எடுத்துக்கொண்டு, இது எங்கே தவறுகிறது, எப்படிச் சரியாகச் செய்வது என்று பார்க்கலாம். வரவேற்பு மேடையில் எடுத்த மணப்பெண்ணின் நெருக்கப் படம் அது. 85 மி.மீ. லென்ஸ், துவாரம் f/2. முகம் லேசாக ஒரு பக்கம் திரும்பியிருக்கிறது. கண்ணில் மை, மேலிமையில் பழுப்பு நிற ஐ ஷேடோ, இமைமுடியில் மஸ்காரா. படத்தைத் தேர்வு செய்தபோது மணப்பெண் சொன்னது இவ்வளவுதான்: "அண்ணா, நேர்ல எனக்கு இமை நல்லா நீளம். போட்டோல காணவே காணோம். கொஞ்சம் தெரியற மாதிரி பண்ணிக் குடுங்க. ஆனா பொம்மை மாதிரி ஆக்கிடாதீங்க."

அவர் சொன்னது சரி. நேரில் இருக்கும் இமைமுடி படத்தில் காணாமல் போவது உண்மைதான். அது எங்கே போகிறது என்று தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்த மாதிரி.

முடி எப்படி இருக்கிறது

மேலிமையில் ஏறத்தாழ 90-லிருந்து 150 முடிகள் வரை இருக்கும். அவை ஒரே வரிசையில் இருப்பதில்லை. இரண்டு மூன்று வரிசைகளாக, ஒன்றின் இடைவெளியில் இன்னொன்று முளைத்திருக்கும். நீளம் 8 முதல் 12 மி.மீ. வரை. கீழிமையில் எண்ணிக்கை சுமார் 75, நீளம் 6 முதல் 8 மி.மீ. ஒரு முடியின் கனம் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் போகாது. வேரில்தான் அந்தக் கனம். அங்கிருந்து மெலிந்துகொண்டே போய், நுனியில் கண்ணுக்கே தெரியாத அளவுக்கு ஊசியாகிவிடும்.

படத்தில் காணாமல் போவது இந்த நுனிதான். வேர்ப்பக்கம் கருப்பாகப் பதிவாகிறது. மெலிந்த நுனி, கேமராவின் ஒரு பிக்சலை முழுவதும் நிரப்பும் அளவுக்கு அகலம் இல்லாததால், பின்னாலிருக்கும் தோலின் நிறத்தோடு கலந்து வெளிறிய பழுப்பாகப் பதிவாகிறது. மஸ்காராவும் நுனியில் மெல்லிசாகத்தான் ஒட்டும். மேடை விளக்கு முன்னாலிருந்து அடித்தால் அந்த வெளிறிய பகுதி இன்னும் வெளிறிப்போகும். ஆக, 10 மி.மீ. முடியில் கடைசி மூன்று நான்கு மில்லிமீட்டர் படத்தில் இருந்தும் இல்லாதது போல ஆகிவிடுகிறது. பார்ப்பவருக்கு முடி குட்டையாகத் தெரிகிறது.

இதனால்தான் அனுபவமுள்ள டச்சிங்காரர்கள் முதலில் புதிய முடி எதுவும் வரைவதில்லை. ஏற்கெனவே இருக்கும் நுனியைக் கருப்பாக்குகிறார்கள். அதிலேயே முடி நீண்டுவிடும். அந்த நீளம் அந்தப் பெண்ணுடையது. வளைவும் திசையும் இடைவெளியும் அவருடையவை. பொம்மைத்தனம் நுழைய அங்கே இடம் குறைவு. வரைவது அதற்குப் பிறகுதான், அதுவும் விரல்விட்டு எண்ணக்கூடிய அளவில்.

முதலில் ஒரு அளவு

வேலையைத் தொடங்குமுன் படத்தில் கண்ணின் அகலத்தை அளந்துகொள்வது நல்லது. போட்டோஷாப்பில் Ruler Tool எடுத்து, கண்ணின் உள்மூலையிலிருந்து வெளிமூலை வரை இழுத்தால் பிக்சல் கணக்கு மேலே தெரியும். நம் படத்தில் அருகிலுள்ள கண்ணுக்கு 330 பிக்சல். பெரியவர்களின் கண் அகலம் ஏறத்தாழ 30 மி.மீ. என்பதால், இந்தப் படத்தில் ஒரு மில்லிமீட்டர் என்பது 11 பிக்சல்.

இப்போது கணக்கு எளிது. 10 மி.மீ. நீளமுள்ள முடி, பக்கவாட்டில் முழுதாகத் தெரிந்தால் 110 பிக்சல். அதன் கனம் ஒரே ஒரு பிக்சல். மஸ்காரா போட்டிருந்தால் இரண்டு. இமைமுடி வரைய 5 பிக்சல் பிரஷ் எடுப்பவர் அரை மில்லிமீட்டர் கனமுள்ள முடியை வரைகிறார் என்று அர்த்தம். அப்படிப்பட்ட முடி எந்த மனிதக் கண்ணிலும் இல்லை. பொம்மைக் கண் உண்டாகும் முதல் இடம் இந்தப் பிரஷ் அளவுதான்.

நீளத்துக்கும் ஓர் எல்லை உண்டு. அமெரிக்காவில் ஜார்ஜியா டெக் ஆய்வாளர்கள் 2015-ல் வெளியிட்ட ஆய்வில் 22 வகைப் பாலூட்டிகளின் கண்களை அளந்தார்கள். இமைமுடியின் நீளம் கண்ணின் அகலத்தில் மூன்றில் ஒரு பங்காக இருப்பதைக் கண்டார்கள். அந்த நீளத்தில்தான் காற்று கண்ணைத் தாக்கிக் கண்ணீரை உலரவைப்பது மிகவும் குறைகிறது. அதற்கு மேல் நீண்டால் முடியே காற்றைக் கண்ணுக்குள் இழுத்துவிடும் என்பது அவர்கள் முடிவு. டச்சிங் செய்பவருக்கு இது கையில் கிடைத்த அளவுகோல். 330 பிக்சல் கண்ணுக்கு 110 பிக்சல் உச்சவரம்பு. அதைத் தாண்டிய முடியைப் பார்ப்பவர், காரணம் சொல்லத் தெரியாவிட்டாலும், ஒட்டவைத்தது என்று உணர்ந்துவிடுவார்.

கட்டியைப் பிரிப்பது

கருப்பாக்குவதற்கு முன் ஒரு சுத்தப்படுத்தும் வேலை இருக்கிறது. மஸ்காரா காயும்போது மூன்று நான்கு முடிகளை ஒன்றாக ஒட்டிவிடும். அதை அப்படியே வைத்துக்கொண்டு கருப்பாக்கினால், ஒட்டியிருந்த முடிகள் ஒரே முக்கோணக் கறையாக மாறும். முடி அடர்த்தியாகும் என்று நினைத்துச் செய்தது, கண்ணுக்கு மேல் நாலைந்து முள் நட்ட மாதிரி ஆகிவிடும்.

நம் படத்தில் அருகிலுள்ள கண்ணின் வெளிப்பக்கத்தில் இரண்டு கட்டிகள் இருந்தன. காலி லேயர் ஒன்றைப் போட்டு, Clone Stamp கருவியில் Mode-ஐ Lighten என்றும், Sample-ஐ Current & Below என்றும் வைத்துக்கொள்ள வேண்டும். Lighten வைப்பதால், இருக்கும் நிறத்தைவிட வெளிறிய இடம் மட்டுமே மேலே ஏறும். கட்டிக்குப் பக்கத்திலேயே உள்ள இமைத்தோலை Alt அழுத்தி எடுத்து, 2 பிக்சல் பிரஷால் நுனியிலிருந்து வேரை நோக்கி ஒரு கோடு இழுத்தால் கட்டி இரண்டாகப் பிரியும். வேர்வரை இழுக்கக் கூடாது. உண்மையான முடிகள் வேர்ப்பக்கம் நெருங்கியும் நுனியில் விரிந்தும் இருக்கும் என்பதால், மூன்றில் இரண்டு பங்கு தூரம் வந்ததும் நிறுத்திவிட வேண்டும்.

எல்லாக் கட்டிகளையும் பிரிக்கவும் தேவையில்லை. இரண்டு முடிகள் நுனியில் சேர்ந்து சாய்ந்திருப்பது இயற்கையிலேயே உண்டு. நான்கு ஒட்டியிருந்தால் இரண்டு இரண்டாகப் பிரித்தால் போதும். ஒவ்வொரு முடியையும் தனித்தனியாகப் பிரித்து நிறுத்தினால் சீப்பின் பற்கள் மாதிரி வரிசை கட்டி நிற்கும். அதுவும் பொம்மைக் கண்தான்.

மேலிமையில் சிதறிக் கிடக்கும் மஸ்காராத் துகள்களையும் இந்தக் கட்டத்திலேயே Healing Brush கொண்டு எடுத்துவிடலாம். விட்டுவிட்டால், அடுத்த கட்டத்தில் முடியோடு சேர்ந்து அவையும் கருப்பாகும்.

நுனியைக் கருப்பாக்குவது

Curves அட்ஜஸ்ட்மென்ட் லேயர் ஒன்றைச் சேர்த்து, கோட்டின் நடுப்புள்ளியைக் கீழே இழுக்க வேண்டும். Input 128 இருக்கும் இடத்தில் Output 85 வந்தால் போதுமானது. படம் முழுவதும் இருட்டாகும். Ctrl+I அழுத்தினால் மாஸ்க் கருப்பாகி, இருட்டு மறைந்துவிடும். இனி வெள்ளைப் பிரஷால் மாஸ்கில் எங்கே தொடுகிறோமோ அங்கே மட்டும் இருட்டு வரும்.

அந்த லேயரின் Blend Mode-ஐ Luminosity என்று மாற்றிக்கொள்வது முக்கியம். Normal-இல் விட்டால் Curves இருட்டாக்கும்போதே நிறத்தையும் கூட்டிவிடும். பிரஷ் கொஞ்சம் விலகித் தோலில் பட்ட இடமெல்லாம் செம்பழுப்பாகத் தெரியும். இமை ஓரம் புண்ணாகிச் சிவந்தது போலத் தோன்றும் படங்கள் பலவற்றில் நடந்தது இதுதான்.

பிரஷ் 2 அல்லது 3 பிக்சல். Flow 10 முதல் 15 சதவீதம். படத்தை 200 சதவீதத்துக்குப் பெரிதாக்கி, ஒவ்வொரு முடியின் மேலும் நடுவிலிருந்து நுனியை நோக்கி ஓட்ட வேண்டும். ஒரே ஓட்டத்தில் கருப்பு வராது, வரவும் கூடாது. மூன்று நான்கு முறை ஓட்டினால் மெல்ல மெல்ல ஏறும். பழைய ஸ்டூடியோக்களில் பிரின்டின் மேல் டச்சிங் செய்தவர்களும் மையைத் தண்ணீரில் நன்றாகக் கரைத்து, மெல்லிய தூரிகையால் ஒன்றின் மேல் ஒன்றாகத் தொட்டுத்தான் கருப்பை ஏற்றினார்கள். நெகட்டிவில் பென்சில் போட்டால் பிரின்டில் அந்த இடம் வெளுக்கும். அதனால் சுருக்கத்தையும் கண்ணுக்குக் கீழுள்ள கருவளையத்தையும் நெகட்டிவில் பென்சிலால் குறைத்தார்கள். முடியைக் கருப்பாக்கும் வேலையைப் பிரின்டுக்கு விட்டார்கள். குறைந்த Flow என்பது அந்தக் கரைத்த மைதான்.

வேர்ப்பக்கத்தைத் தொடாமல் விடுவது ஏன் என்று கேட்கலாம். நம் மணப்பெண் மை தீட்டியிருக்கிறார். மேலிமை ஓரம் ஏற்கெனவே ஒரே கருப்புக் கோடு. அங்கே மேலும் கருப்பேற்றினால் முடி எங்கே தொடங்குகிறது என்பதே தெரியாமல் கோடு தடித்துப்போகும். மை இல்லாத முகத்திலும் வேர் தானாகவே கருப்பாகத்தான் இருக்கும். குறை இருப்பது நுனியில். மருந்தும் அங்கேதான் போட வேண்டும்.

கருப்பு எவ்வளவு போகலாம் என்பதற்கும் படத்திலேயே அளவு இருக்கிறது. முகத்தில் மிகக் கருப்பான இடம் கண்ணின் பாவை. இமைமுடி அதைவிட ஒரு படி குறைவாகத்தான் இருக்க வேண்டும். முடி பாவையைவிடக் கருப்பாகிவிட்டால் பார்வை கண்ணுக்குள் போகாமல் முடியிலேயே மாட்டிக்கொள்ளும்.

நம் ஊர் முகங்களில் அடிக்கடி வரும் சிக்கல் ஒன்று உண்டு. மாநிறமான இமை, அதன் மேல் பழுப்பு ஐ ஷேடோ. முடியை எவ்வளவு கருப்பாக்கினாலும் பின்னணியும் இருட்டாக இருப்பதால் எடுத்துக் காட்டாது. அதற்காக மேலும் மேலும் கருப்பேற்றுகிறவர்கள்தான் கட்டியில் போய் முடிகிறார்கள். இதற்கு வழி எதிர்ப்பக்கம் இருக்கிறது. இன்னொரு Curves லேயரைப் போட்டு, நடுப்புள்ளியை மிகக் கொஞ்சமாக மேலே தூக்கி, முடிகளுக்குப் பின்னாலிருக்கும் இமைத்தோலை மட்டும் லேசாக வெளிச்சமாக்க வேண்டும். 128 இருந்த இடம் 138 ஆனால் போதும். இமை மேட்டில் வெளிச்சம் இயல்பாக விழும் இடத்தில் இதைச் செய்தால், தோல் நிறம் மாறியதாகவே தெரியாது. முடிகள் ஒவ்வொன்றாகத் தெரிய ஆரம்பிக்கும். நம் படத்தில் மணப்பெண் கேட்ட மாற்றத்தில் பெரும்பங்கு இந்த ஒரு லேயரிலேயே வந்துவிட்டது.

வரைய வேண்டியவை எவை

இவ்வளவும் முடிந்தபின் படத்தை 100 சதவீதத்தில் பார்த்தால் எங்கே இன்னும் வெற்றிடம் இருக்கிறது என்று தெரியும். அங்கே மட்டும் வரையலாம். நம் படத்தில் அருகிலுள்ள கண்ணுக்குப் பன்னிரண்டு முடிகள், தொலைவிலுள்ள கண்ணுக்கு நான்கு. நூற்றுக்கு மேற்பட்ட முடிகளில் அவ்வளவுதான் புதியவை.

எந்த இடத்தில், எந்தத் திசையில் என்பதில்தான் கைத்திறன். பாவையின் நடுவிலிருந்து இமை ஓரத்துக்குக் கோடுகள் இழுப்பதாக நினைத்துக்கொண்டால் திசை கிடைக்கும். மூக்குப் பக்கத்து முடிகள் மூக்கை நோக்கியும், நடு முடிகள் நேர்மேலாகவும், வெளிமூலை முடிகள் நெற்றிப்பொட்டை நோக்கியும் சாயும். எல்லாவற்றையும் ஒரே பக்கம் சாய்ப்பதும், எல்லாவற்றையும் செங்குத்தாக நிறுத்துவதும் புதியவர்கள் செய்யும் பிழை.

நீளத்திலும் இதே கணக்கு. நேராகப் பார்க்கும் முகத்தில் நடு முடிகள் கேமராவை நோக்கி நீட்டிக்கொண்டிருக்கும். 110 பிக்சல் நீளமுள்ள முடி படத்தில் 40 பிக்சல்தான் தெரியும். வெளிமூலை முடி பக்கவாட்டில் தெரிவதால் 70, 80 பிக்சல் வரை வரும். எனவே நீளத்தைச் சேர்க்க வேண்டிய இடம் வெளிப்பக்க மூன்றில் ஒரு பங்கு. நடுவில் நீட்டினால் கண் திடுக்கிட்டு விழித்த மாதிரி ஆகும். பொம்மை முகத்தில் நாம் பார்ப்பது அந்த விழிப்பைத்தான். உள்மூலையில் முடி குட்டையாகவும் அரிதாகவும் இருப்பதே இயல்பு. அங்கே கை வைக்காமல் விட்டுவிடலாம்.

வளைவையும் உற்றுப் பார்க்க வேண்டும். மேலிமை முடி இமை ஓரத்தில் தொடங்கியவுடன் மேலே ஏறுவதில்லை. முதலில் கண்ணின் மேல் லேசாகக் கீழிறங்கி, பிறகு வெளியே வந்து மேல்நோக்கி வளைகிறது. மஸ்காராவும் கர்லரும் போட்ட முடியிலும் வேர்ப்பக்கம் அந்தச் சிறு இறக்கம் இருக்கும். இமைக் கோட்டிலிருந்து நேரே மேலே கிளம்பும் முடி, இமையில் கீறல் விழுந்த மாதிரிதான் தோன்றும். வரைந்ததில் ஒன்றிரண்டு பக்கத்து முடியைக் குறுக்கே கடக்கட்டும்; ஒன்று மற்றதைவிடக் குட்டையாக இருக்கட்டும். எல்லா முடியும் ஒரே வயதில் இருப்பதில்லை. உதிர்ந்து புதிதாக முளைத்துக்கொண்டிருப்பவையும் அந்த வரிசையில் உண்டு.

நிறத்துக்கு Eyedropper எடுத்து, அதே கண்ணில் நன்றாகக் கருத்த முடியின் வேர்ப்பக்கத்தில் வைத்து எடுக்க வேண்டும். பெரும்பாலும் R 35, G 25, B 22 என்பதுபோல ஓர் ஆழ்ந்த பழுப்புதான் கிடைக்கும். #000000 என்ற முழுக் கருப்பு படத்தில் எங்கேயும் இல்லாத நிறம் என்பதால் தனியாகத் துருத்தும்.

பிரஷ், Hard Round வகை, 2 பிக்சல். Brush Settings-இல் Shape Dynamics-ஐத் திறந்து, டேப்லெட் பேனா இருந்தால் Size Jitter-க்குக் கீழே Control-ஐ Pen Pressure என்று வைக்கலாம். வேரில் அழுத்தித் தொடங்கி, நுனியில் பேனாவைத் தூக்கிக்கொண்டே இழுத்தால் முடி தானாக ஊசியாகும். கோட்டை மெதுவாக இழுத்தால் நடுங்கும். ஒரே வீச்சில் இழுத்து, சரியில்லையென்றால் Ctrl+Z அழுத்தி மறுபடி வீசுவதுதான் வழக்கம்.

மவுஸ் மட்டும்தான் இருக்கிறது என்றால் Control-இல் Fade தேர்ந்தெடுக்கலாம். பக்கத்தில் ஓர் எண் கேட்கும். பிரஷ் எத்தனை முறை பதிந்தபின் கோடு மறைய வேண்டும் என்பதற்கான எண் அது. தனிக் காலி லேயரில் நாலைந்து கோடு இழுத்துப் பார்த்து, முடியின் நீளத்துக்குள் மெலிந்து முடியும் எண்ணைக் கண்டுபிடித்துக்கொண்டால், பிறகு Pen Tool கொண்டு வளைவை வரைந்து Stroke Path கொடுக்கலாம். Simulate Pressure என்ற பெட்டியை டிக் செய்வதாக இருந்தால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அது கோட்டின் இரண்டு முனையையும் மெலிதாக்கி நடுவைத் தடிப்பாக்கும். வேரும் மெலிந்த முடி, விழுந்து ஒட்டிக்கொண்ட தூசு மாதிரி தெரியும்.

கீழிமையில் வரைவதே வேண்டாம் என்பது பாதுகாப்பான விதி. நுனிகளை மிக லேசாகக் கருப்பாக்கினால் போதும். 1966-ல் லண்டனில் புகழ்பெற்ற மாடல் ட்விக்கி, கீழிமைக்கு அடியில் முடிகளை ஒவ்வொன்றாகத் தீட்டிக்கொண்டுதான் அந்தப் பொம்மைத் தோற்றத்தை வரவழைத்தார். அவர் வேண்டுமென்றே செய்தது. ஆல்பத்தில் அது வேண்டாதபோது, தூண்டுகோலாக இருக்கும் கீழிமையைச் சும்மா விடுவதே நல்லது. மை கலைந்து கீழ்முடிகளுக்கு நடுவே இறங்கியிருந்தால் மட்டும், மேலே சொன்ன Lighten முறையில் அதைத் துடைத்துவிடலாம்.

ரெடிமேடாகக் கிடைக்கும் இமைமுடிப் பிரஷ்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஒரு அழுத்தில் முழு வரிசையும் வந்துவிடும். ஆனால் அது வேறொரு கண்ணுக்காக, வேறொரு கோணத்துக்காக வரைந்தது. Warp போட்டு வளைத்துப் பொருத்தினாலும், மறுகண்ணுக்கு அதையே திருப்பிப் போட்டதும் இரண்டு கண்ணிலும் ஒரே முடி, ஒரே இடத்தில், ஒரே மாதிரி கடந்து நிற்கும். முகம் திரும்பியிருக்கும் நம் படம் போன்றவற்றில் இது இன்னும் மோசமாகத் தெரியும்.

மங்கலும் மணலும்

வரைந்த முடி எவ்வளவு சரியாக இருந்தாலும், படத்தின் மற்ற முடிகளைவிடக் கூர்மையாக இருந்தால் பிடிபட்டுவிடும். f/2-இல் எடுத்த நெருக்கப் படத்தில் அருகிலுள்ள கண் மட்டும்தான் கூர்மை. தொலைவிலுள்ள கண் கொஞ்சம் மங்கியிருக்கும். அதனால் ஒவ்வொரு கண்ணின் வரைந்த முடிகளையும் தனித்தனி லேயரில் வைத்துக்கொள்ள வேண்டும். அருகிலுள்ளதற்கு Gaussian Blur 0.3 அல்லது 0.4 பிக்சல், தொலைவிலுள்ளதற்குப் பக்கத்து உண்மையான முடியோடு ஒப்பிட்டுப் பார்த்து 1 பிக்சலோ அதற்கு மேலோ.

மண்டப வெளிச்சத்தில் ஐ.எஸ்.ஓ. கூட்டி எடுத்த படங்களில் மணல் தூவிய மாதிரி நாய்ஸ் இருக்கும். வரைந்த கோட்டில் அது இருக்காது. Add Noise-இல் 1 அல்லது 2 சதவீதம், Monochromatic வைத்துக் கொடுத்தால் பொருந்திவிடும்.

தொலைவிலுள்ள கண்ணில் இன்னொரு எச்சரிக்கை. முகம் திரும்பியிருக்கும்போது அந்தக் கண்ணின் வெளிமூலை முடிகள் முகத்தின் விளிம்பைத் தாண்டிப் பின்னணிக்குள் நீட்டிக்கொண்டிருக்கும். பின்னால் மேடை விளக்குகளின் மங்கலான வெளிச்சம். அந்த வெளிச்சத்துக்கு எதிரே ஒவ்வொரு முடியும் பளிச்சென்று தெரியும் என்பதால், அங்கே சேர்க்கும் ஒரு முடியும் பத்து முடியாகக் கண்ணில் படும். நம் படத்தில் வரைந்த நான்கும் முகத்துக்கு உள்ளேதான்; விளிம்புக்கு வெளியே ஒன்றுகூட இல்லை.

எப்படித் தெரிந்துகொள்வது

பெரிதாக்கி வேலை செய்துகொண்டே இருந்தால் கண் பழகிவிடும், மிகையானது தெரியாது. அதற்குச் சில சோதனைகள் உண்டு. எல்லா லேயருக்கும் மேலே ஒரு தற்காலிக Curves போட்டு, இருட்டுப் பகுதியை நன்றாகத் தூக்கிப் பார்க்க வேண்டும். சாதாரணமாகக் கருப்பாகத் தெரிந்த இடத்தில் இப்போது முடிகள் தனித்தனியாகத் தெரிந்தால் சரி. ஒரே கறையாக நின்றால் அங்கே கட்டி இருக்கிறது. திரையில் தப்பினாலும் பிரின்டில் காட்டிக்கொடுக்கும். பார்த்து முடித்ததும் அந்த லேயரை அழித்துவிடலாம்.

அடுத்து, படத்தை இடவலமாகத் திருப்பிப் பார்ப்பது. பழகிய முகம் புதிய முகமாகிவிடும். ஒரு கண் மற்றதைவிடக் கனத்திருந்தால் உடனே தெரியும். கடைசியாக, இமைமுடிக்குச் செய்த எல்லா லேயர்களையும் ஒரு Group-இல் போட்டு, அதன் Opacity-ஐ 0-க்குக் கொண்டுவந்து மெல்ல ஏற்றுவது. போதும் என்று தோன்றும் இடம் பெரும்பாலும் 70-க்குப் பக்கத்தில் வரும். நம் படம் 65-இல் நின்றது. செய்த வேலையில் மூன்றில் ஒரு பங்கைக் குறைத்தபின்தான் அது மணப்பெண்ணின் கண்ணாக இருந்தது.

எங்கே நிறுத்துவது

இதே வேலை விளம்பரத்தில் வேறு பொருள் கொள்கிறது. 2011 டிசம்பரில் அமெரிக்காவில் பாடகி டெய்லர் ஸ்விஃப்ட் நடித்த கவர்கேர்ள் மஸ்காரா விளம்பரத்தை, அதை வெளியிட்ட பிராக்டர் அண்ட் கேம்பிள் நிறுவனமே நிறுத்திக்கொண்டது. இமைமுடி படம் எடுத்தபின் மெருகேற்றப்பட்டது என்று விளம்பரத்திலேயே சிறிய எழுத்தில் போட்டிருந்தார்கள். விளம்பரங்களைக் கண்காணிக்கும் தேசிய விளம்பரப் பிரிவு அதை ஏற்கவில்லை. மஸ்காரா என்ன செய்யும் என்று காட்டும் படத்தில், மஸ்காரா செய்யாததைக் கம்ப்யூட்டரில் செய்து காட்ட முடியாது என்பது அதன் நிலை. ஒப்பனைக் கலைஞர் தன் கைவேலைக்குச் சான்றாக வைக்கும் படத்துக்கும் இதே நியாயம் பொருந்தும். அவருக்குக் கொடுக்கும் பிரதியில் இந்த Group-ஐ அணைத்துவிட்டுக் கொடுப்பதுதான் முறை.

கல்யாண ஆல்பத்தில் எல்லையைத் தீர்மானிப்பது பிக்சல்தான். முழுப் பக்க முகத்துக்கு மேலே சொன்ன எல்லாம் செல்லும். அதே ஆல்பத்தில் குடும்பத்தோடு நிற்கும் குரூப் படத்தை எடுத்துக்கொண்டால், மணப்பெண்ணின் கண் அகலம் 40 பிக்சல் இருக்கும். ஒரு மில்லிமீட்டருக்குச் சுமார் 1.3 பிக்சல். முடியின் கனம் ஒரு பிக்சலில் எட்டில் ஒரு பங்கு. தனி முடி என்ற ஒன்றே அந்தப் படத்தில் பதிவாகவில்லை. இருப்பது இமை ஓரத்தில் ஒரு மங்கலான இருட்டு மட்டும். ஒரு பிக்சல் பிரஷால் அங்கே முடி வரைந்தாலும் அது உண்மை முடியைவிட எட்டு மடங்கு தடித்திருக்கும். எனவே அந்தப் படத்தில் Curves கொண்டு இமை ஓரத்தை ஒருமுறை மெல்லத் தொட்டுவிட்டு அடுத்த படத்துக்குப் போய்விடலாம். கண்ணின் அகலம் 150 பிக்சலுக்குக் கீழே இருக்கும் எந்தப் படத்திலும் முடி வரையும் லேயரைத் திறக்காமல் இருப்பது என்று ஒரு விதி வைத்துக்கொண்டால், ஆல்பத்தில் பொம்மைக் கண்கள் பெரும்பாலும் வராது.